மழைக் குழுவுக்கு வினோதினி டீச்சர் வந்திருக்கிறார்

எல்லாருக்கும் வணக்கம். நம் மழைக் குழுவில் இன்றிலிருந்து வினோதினி டீச்சரும் இருக்கிறார். அரவேனு பக்கம் நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறார், வீடும் அங்கேயேதான். கொலக்கம்பை சாந்தி அக்கா சொல்லித்தான் வந்திருக்கிறார். ஆளாளுக்கு ஒரு வரியில் ஊரையும் பெயரையும் போட்டு அறிமுகம் செய்துகொள்ளுங்கள். பூங்கொத்துப் படம் வேண்டாம். பெயர் இருந்தால்தான் அவர் உங்கள் எண்களைச் சேமித்து வைக்க முடியும்.

டீச்சர், வாங்க. நீங்கள் வந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லிவிடுகிறேன். குன்னூர் மலைப்பாதையில் மண் விழுந்தால் வண்டியெல்லாம் கோத்தகிரி வழியாகத்தான் மேட்டுப்பாளையம் இறங்கும். அப்படி ஒரு நாளில் அந்தப் பாதை எப்படி இருக்கிறது என்று கேட்க, அரவேனுவிலிருந்து குஞ்சப்பனை வரைக்கும் நமக்கு ஆளே இல்லாமல் இருந்தது. பர்லியாரில் மோகன் அண்ணன், காட்டேரியில் பெட்டிக்கடை வைத்திருக்கும் பாபு, கேத்தியில் நான், கொலக்கம்பையில் சாந்தி அக்கா, மஞ்சூரில் இரண்டு பேர். கிழக்குச் சரிவு மட்டும் காலியாகக் கிடந்தது. வடகிழக்குப் பருவமழை முதலில் வந்து மோதுவதே அந்தச் சரிவில்தான்.

குழு எப்படி நடக்கிறது என்று மூன்று விஷயம் சொல்கிறேன். நீளமாகத்தான் இருக்கும். ஒருமுறை பொறுமையாகப் படித்துவிடுங்கள். மழை வந்தபின் விளக்கிக்கொண்டிருக்க யாருக்கும் நேரம் இருக்காது.

முதலாவது, செய்தி எழுதும் விதம். இடம், நேரம், கண்ணால் பார்த்தது, இந்த மூன்றும் ஒவ்வொரு செய்தியிலும் இருக்க வேண்டும். போன வருடம் மோகன் அண்ணன் போட்ட ஒரு செய்தியை அப்படியே தருகிறேன்:

"காலை 6.40. பர்லியார் தாண்டி காட்டேரி போகும் வழி. மலைப்பக்கம் மண் சரிந்து பாதி ரோடு மூடியிருக்கிறது. கார், பைக் போகிறது. பஸ் போகாது. மேலே இன்னும் ஒரு மரம் சாய்ந்து நிற்கிறது. இறங்கிப் பார்த்தேன்."

இதில் ஒரு சொல் கூட வீண் இல்லை. முக்கியமாக அந்த "மேலே இன்னும் ஒரு மரம்". ஜேசிபி ஓட்டிக்கொண்டு வருகிறவருக்கு அதைவிடத் தேவையான செய்தி கிடையாது. மண்ணை அள்ளும்போது அவர் தலைக்கு மேல் என்ன தொங்குகிறது என்று கீழே நிற்கிறவருக்குத் தெரியாது.

நேரத்தை ஏன் கையால் எழுதச் சொல்கிறேன் என்றால், மலையில் டவர் நம் இஷ்டத்துக்கு இருக்காது. நீங்கள் ஏழு மணிக்கு அனுப்புவது கடிகார அடையாளத்தோடு போனிலேயே கிடந்து, டவர் வந்த பிறகுதான் எங்களுக்கு வரும். அதற்குள் சாலையைச் சரிசெய்தே முடித்திருப்பார்கள். படமும் அப்படித்தான். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தோடு, எங்கே எப்போது எடுத்தது என்ற விவரம் கூட வராது. அதனால் படத்துக்குக் கீழேயே இடமும் நேரமும் எழுதிவிடுங்கள். எழுதாத படத்தை அடுத்த வருடம் யாராவது எடுத்து "இப்போது வந்த செய்தி" என்று சுற்றவிடுவார்கள். நம் மாவட்டத்தில் ஒவ்வொரு மழைக்கும் இது நடக்கிறது.

இடம் சொல்லும்போது வளைவுப் பலகையில் இருக்கும் எண், கிலோமீட்டர் கல், கோயில், டீ பேக்டரி என்று நிற்கிற பொருளைச் சொல்லுங்கள். "நம்ம வளைவு கிட்ட" என்றால் உள்ளூர்க்காரருக்குப் புரியும், தீயணைப்பு வண்டிக்குப் புரியாது. குரல் செய்தி வேண்டாம். மழைச் சத்தத்தில் பாதி கேட்காது, பின்னால் தேடி எடுக்கவும் முடியாது. எழுத முடியாத நிலை என்றால் எனக்கு நேரே போன் செய்யுங்கள், நான் எழுதிப் போடுகிறேன்.

இரண்டாவது, தினசரி மழை அளவு. நம் குழுவின் உயிரே இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மழைமானியை பாபு இந்த ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொடுப்பார். பள்ளி வளாகத்தில் திறந்த வெளியாக ஓர் இடம் பாருங்கள். பக்கத்தில் மரமோ சுவரோ இருந்தால், அதன் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தள்ளி வைக்க வேண்டும். சில்வர் ஓக் மரத்தடி கூடவே கூடாது. மழை நின்ற பிறகும் இலை சொட்டிக்கொண்டே இருக்கும். தினமும் காலை 8.30 மணிக்கு அளவு எடுங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தில்தான் எடுக்கிறது, அதனால் நம் எண்ணை அவர்கள் எண்ணோடு வைத்துப் பார்க்கலாம். நேற்றுக் காலை 8.30 முதல் இன்று காலை 8.30 வரை பெய்தது இன்றைய தேதியில் வரும். குழாயைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, தண்ணீர் நடுவில் குழிந்திருக்கும் இடத்தைப் படியுங்கள். ஓரத்தில் ஏறி நிற்கும் கோட்டைப் படித்தால் அளவு கூடிவிடும். படித்த பிறகு கொட்டிவிட்டு வைக்க மறக்க வேண்டாம். கனமாகப் பெய்கிற நாளில் இரவு படுக்கும் முன் ஒருமுறை அளந்து கொட்டிவிட்டு, காலையில் இரண்டையும் கூட்டிப் போடுங்கள். நிரம்பி வழிந்துவிட்டால் அந்த நாளின் அளவே நமக்குப் போய்விடும்.

எழுதுவது ஒரே வரி போதும்: "அரவேனு, 8.30, 22 மி.மீ." மழை இல்லாத நாளில் "0" என்று கட்டாயம் போடுங்கள். ஒன்றும் போடாவிட்டால் மழை இல்லையா, அளக்கவில்லையா என்று எங்களுக்குத் தெரியாது. ஊருக்குப் போகிற நாளில் "இன்று அளவு இல்லை" என்று போட்டால் போதும், யாரும் எதுவும் கேட்க மாட்டோம். குத்துமதிப்பாக ஓர் எண் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

ஒரு நாள் எண்ணைவிடத் தொடர்ந்து வரும் எண்கள்தான் முக்கியம். மூன்று நாலு நாளாக மண் குடித்துக்கொண்டே இருந்தால் அப்புறம் சாதாரண மழைக்கே சரிவு இளகிவிடும். 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர், கோத்தகிரி பக்கமெல்லாம் சரிந்து மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்த மழையைப் பார்த்தவர்கள் இந்தக் குழுவில் பலர் இருக்கிறோம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. கொட்டியது. அது தென்மேற்குப் பருவமழை, மேற்குப் பக்கம். அக்டோபர், நவம்பரில் பாரம் நம் பக்கம் வரும். ஒரே மாவட்டம்தான் என்றாலும் ஊட்டி அளவை வைத்து அரவேனுவைச் சொல்ல முடியாது. உங்கள் எண் உங்கள் சரிவுக்கு மட்டும்தான் பொருந்தும், அதனால்தான் அது எங்களுக்கு வேண்டும்.

வானிலைத் துறை கணக்கில் ஒரு நாளில் 64.5 மி.மீ. தொட்டால் கனமழை, 115.6 தொட்டால் மிக கனமழை, 204.4 தாண்டினால் அதி கனமழை. நாம் வைத்திருக்கும் ஏற்பாடு இது: எந்த ஊரிலாவது 64.5 தாண்டினால் அன்று அந்த ஊர்க்காரர் மாலையிலும் ஒருமுறை அளந்து போடுவார். நான் மூன்று நாள் கூட்டுத்தொகையைப் போட்டு, கிராம நிர்வாக அலுவலருக்கும் தெரிவித்துவிடுவேன். பிள்ளைகளை வைத்து நீங்கள் அளக்கப் போவதாக சாந்தி அக்கா சொன்னார். ரொம்ப நல்லது. இடி மின்னல் நேரத்தில் மட்டும் அவர்களை வெளியே அனுப்ப வேண்டாம், அளவு தாமதமாக வந்தால் பரவாயில்லை.

மூன்றாவது, ஆபத்து என்றால் முதல் போன் குழுவுக்கு இல்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, அவசரத்துக்கு 112, ஆம்புலன்ஸ் 108. முதலில் அங்கே பேசுங்கள், அப்புறம் இங்கே எழுதுங்கள். "1077-க்குச் சொல்லிவிட்டேன்" என்று ஒரு சொல்லும் சேர்த்துவிட்டால் மற்றவர்கள் அதே விஷயத்துக்கு மறுபடி மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

"ரோடு மூடியாச்சு", "பஸ் நிறுத்தியாச்சு", "நாளைக்கு லீவு" என்று நாம் யாரும் போடுவதில்லை. சாலையை மூடுவது போலீசும் நெடுஞ்சாலைத் துறையும். விடுமுறை சொல்வது கலெக்டர். நீங்கள் டீச்சர் என்பதால் பெற்றோர் உங்களைத்தான் லீவு கேட்பார்கள். குழுவில் மழை அளவைப் பார்த்துவிட்டு அதிலிருந்து பதில் சொல்லிவிடாதீர்கள். வேறு இடத்திலிருந்து வந்ததை இங்கே தட்டிவிடவும் வேண்டாம். பார்க்கத் தோன்றினால் அந்த ஊரில் இருக்கும் நம் ஆளிடம் "அங்கே எப்படி?" என்று கேளுங்கள், பார்த்துச் சொல்வார்.

படம் எடுக்க மண் மேல் ஏறவே கூடாது. விழுந்த மண்ணுக்கு மேலே இருப்பதும் பெரும்பாலும் இளகித்தான் இருக்கும். அடிபட்டவர்கள், இடிந்த வீட்டுக்கு முன் அழுகிறவர்கள், இந்தப் படங்கள் இங்கே வராது. வந்தால் உடனே நீக்குவேன், அதில் பெரியவர் சின்னவர் பார்ப்பதில்லை.

மண் விழும் முன் தெரியும் அடையாளங்களைத் தயங்காமல் போடுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, தடுப்புச்சுவர் வயிறு தள்ளுவது, நேராக நின்ற மரம் சாய்வது, தெளிவாக ஓடிய ஊற்று திடீரென்று கலங்குவது, இல்லாத இடத்தில் தண்ணீர் கசிவது. "ஒன்றுமில்லாததைப் போட்டுவிட்டோமோ" என்று நினைக்கவே வேண்டாம். ஒன்றுமில்லை என்று போய்ப் பார்த்துவிட்டு வருவதில் யாருக்கும் வருத்தம் இல்லை.

மழை எச்சரிக்கை இல்லாத நாட்களில் இரவு 9 மணிக்கு மேல் குழு அமைதியாக இருக்கும். ஆரஞ்சு, ரெட் அலர்ட் நாட்களில் போனைச் சத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறந்தநாள், பண்டிகை வாழ்த்தெல்லாம் இதற்கென்று இருக்கும் வேறு குழுவில். அதில் சாந்தி அக்கா உங்களைச் சேர்ப்பார். அங்கே பேச்சுக்குப் பஞ்சமே இருக்காது.

ஞாயிறு பத்து மணிக்கு பாபு பள்ளிக்கு வரட்டுமா, வேறு நேரம் வசதியா? கம்பம் நட ஒரு கடப்பாரை மட்டும் அங்கே கிடைக்குமா என்று சொல்லுங்கள். மற்றதெல்லாம் அவர் கொண்டுவருவார். திங்கள் காலை 8.30-க்கு உங்கள் முதல் அளவைப் போடுங்கள். மழை இல்லாவிட்டால் "அரவேனு, 8.30, 0".

நடராஜன், கேத்தி