செப்டம்பர் 7, திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிடுவேன் அண்ணே

வணக்கம் அண்ணே,

நேற்று அண்ணி போன் பண்ணியபோது நான் பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தேன், சுற்றிலும் ஒரே சத்தம், அரைகுறையாகத்தான் பதில் சொல்ல முடிந்தது. சிங்கப்பூரில் உங்கள் அச்சுக் கடைக்கு எப்போது வருவாய், எங்கே தங்குவாய் என்று கேட்டுவிட்டு, போனை வைக்கும்போது "முன்பு இருந்த பெண் மாதிரி மூன்றே மாதத்தில் ஊருக்குக் கிளம்பிவிட மாட்டாயே" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் உங்கள் இருவருக்கும் நிஜமான கேள்வி அதுதான் என்று எனக்குத் தெரியும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் தேதி. நீங்கள் சொன்ன ஆகஸ்ட் 17 என்னால் முடியாது அண்ணே. இங்கே ஈப்போ கடையில் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது, வேலைக் கடிதத்தில் நோட்டீஸ் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படி இல்லாவிட்டால் மலேசியச் சட்டப்படி இரண்டு வருஷத்துக்கு மேல், ஐந்து வருஷத்துக்குள் வேலை செய்தவர்கள் ஆறு வாரம் கொடுக்க வேண்டும். ஜூலை 20-ஆம் தேதி கடிதம் கொடுத்துவிட்டேன், ஆகஸ்ட் 31-ல் முடிகிறது, அன்றைக்கு மெர்டேக்கா விடுமுறை வேறு. மிச்ச நாளுக்குக் காசைக் கட்டிவிட்டு முன்னாலேயே கிளம்பலாம் என்று தம்பி சொன்னான். எனக்கு மனசு வரவில்லை. இந்த முதலாளிதான் எனக்குப் பக்கம் கட்டவே கற்றுக்கொடுத்தவர், அவரை நடுவில் விட்டுவிட்டு உங்களிடம் ஓடி வந்தால், நாளைக்கு உங்களையும் இவள் இப்படித்தான் விடுவாள் என்று நீங்களே நினைப்பீர்கள்.

இன்னொன்று வருமான வரி. வேலைக்காக நாட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு முதலாளி ஒரு மாதத்துக்கு முன்னாலேயே வரி அலுவலகத்துக்கு சிபி 21 படிவம் அனுப்ப வேண்டும், அங்கிருந்து பதில் வரும்வரை கடைசிச் சம்பளத்தைப் பிடித்து வைத்துக்கொள்வார்கள். படிவம் இந்த வாரமே போகிறது. சம்பளம் எப்போது கைக்கு வரும் என்று தெரியாது, ஆனால் அதை நம்பி நான் கிளம்பவில்லை. முதல் இரண்டு மாதச் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன், உங்களிடம் முன்பணம் கேட்டு வந்து நிற்க மாட்டேன்.

செப்டம்பர் 2 ராத்திரி பஸ், 3-ஆம் தேதி வியாழன் காலையில் சிங்கப்பூர். வேலை பாஸுக்கு முன் அனுமதி தரும் ஐபிஏ கடிதம் வந்தவுடனே எனக்கு அனுப்பிவிடுங்கள், பாஸ்போர்ட் எண்ணும் பெயரின் எழுத்தும் சரியா என்று பார்த்துவிடுகிறேன். என் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் நீளமாக இருக்கும், போன முறை அதில் ஓர் எழுத்து விட்டுப்போய் நான்கு நாள் அலைந்தேன். நான் வந்திறங்கிய அன்றே நீங்கள் இணையத்தில் பாஸ் வழங்கக் கேட்டுவிட்டால், வருகிற அறிவிப்புக் கடிதத்தை வைத்தே வேலையைத் தொடங்கிவிடலாம், பெண்டமீர் ரோட்டில் கைரேகை கொடுப்பதும் அட்டை வருவதும் அப்புறம் நடக்கட்டும். வியாழன், வெள்ளி, சனி மூன்று நாள் கையில் இருக்கிறது, அதனால்தான் திங்கட்கிழமை, 7-ஆம் தேதி என்று தைரியமாகச் சொல்கிறேன்.

தங்குவதற்குச் சித்தி வீடு இருக்கிறது, ஹவ்காங்கில். எம்ஆர்டி ஏறினால் ஃபேரர் பார்க் ஆறாவது நிறுத்தம், நடுவில் எங்கும் மாற வேண்டாம், இறங்கி நடந்தால் கடை. நிரந்தரமாக அங்கே இருக்கப்போவதில்லை, சித்தி மகனுக்கு அடுத்த வருஷம் உயர்நிலைப்பள்ளி இறுதித் தேர்வு, அவன் அறையில் நான் படுத்தால் பையன் எங்கே படிப்பான். பூன் கெங்கில் ஒரு வீவக வீட்டில் அறை பேசி வைத்திருக்கிறேன், வயதான அம்மா ஒருவர் மட்டும் இருக்கிறார், சமைக்கலாம், மீன் பொரிக்கக் கூடாதாம், அவ்வளவுதான் நிபந்தனை. வீவக அறையை ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விட முடியாது, பாஸ் கையில் இல்லாமல் ஒப்பந்தமும் போட முடியாது, அதனால் செப்டம்பர் கடைசியில்தான் மாறுவேன். அதற்கு லீவு கேட்க மாட்டேன், என்னிடம் இருப்பது இரண்டு பெட்டியும் ஒரு தோசைக்கல்லும்தான்.

ஜோகூரில் அறை எடுத்துக்கொண்டு தினமும் வந்து போவேனோ என்று அண்ணிக்கு ஒரு சந்தேகம் இருந்தது போலத் தெரிந்தது. கண்டிப்பாக இல்லை. 2019-ல் எட்டு மாதம் அதைச் செய்து பார்த்தவள் நான். காலை நாலு மணிக்கு எழுந்து, பசியாறாமல் ஓடி, பாலத்துக்கு முன்னால் வரிசையில் நின்று நின்று, உட்லண்ட்ஸ் தாண்டும்போதே அன்றைய பாதித் தெம்பு போய்விடும். வாடகையில் மிச்சம் பிடித்த காசெல்லாம் தூக்கத்தில் போனது. அந்த வேலையை விட்டதற்குக் காரணம் வேலை இல்லை அண்ணே, அந்தப் பாலம்தான்.

ஊரை விட்டு ஏன் வருகிறேன் என்று நேர்முகத்தில் நீங்கள் கேட்டபோது 'அனுபவத்துக்காக' என்று ஏதோ சொல்லி வைத்தேன். நிஜம் இதுதான்: இங்கே கல்யாணப் பத்திரிகை வேலை குறைந்துகொண்டே போகிறது, பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு நூறு அட்டையோடு நிறுத்திக்கொள்கிறார்கள், மீதி நேரம் நான் பேனர்தான் செய்கிறேன். உங்களிடம் கோயில் மலரும் புத்தகமும் இருக்கின்றன. எனக்குப் புத்தகம் கட்ட வேண்டும், முந்நூறு பக்கத்தை ஒரே சீராக ஓட்ட வேண்டும். அம்மாவைத் தம்பியும் அவன் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள், அம்மாவே போய்விட்டு வா என்று சொல்லிவிட்டார். அவருக்கு உடம்புக்கு ஏதாவது என்றால் ஓடத்தான் வேண்டியிருக்கும், அதை மறைக்கவில்லை. ஆனால் ஏக்கத்தில் ஒவ்வொரு சனிக்கிழமையும் பஸ் ஏறுகிற ஆள் இல்லை நான்.

தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. நான் சேர்ந்த பிறகு முழுசாக ஒன்பது வாரம் இருக்கிறது. அந்த நெருக்கடியில் புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக்கொடுக்க யாருக்கும் நேரம் இருக்காது என்பதுதான் உங்கள் கவலை என்றால், முதல் வாரம் முரசு அஞ்சலில் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் வேலையை எனக்குக் கொடுங்கள். உங்கள் வாடிக்கையாளர்கள் பெயரை எப்படி எழுதுகிறார்கள், எந்தக் கோயிலுக்கு எந்த வாசகம் என்பதெல்லாம் அதிலேயே பழகிவிடும்.

நீங்கள் அனுப்பிய கடைப் படத்தில், கல்லாவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிற சிவப்பு மாதிரிப் பத்திரிகையில் 'திருமண பத்திரிகை' என்று இருக்கிறது, நடுவில் 'ப்' இல்லை. பெரிதாக்கிப் பார்த்தேன், மன்னியுங்கள், கண் அங்கேதான் போகிறது.

7-ஆம் தேதி சரி என்றால் ஒரு வரி எழுதிவிடுங்கள், பஸ் டிக்கெட் எடுத்துவிடுகிறேன். காலையில் கடை எத்தனை மணிக்குத் திறப்பீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அண்ணியிடம் கேட்க மறந்துவிட்டேன்.

அன்புடன்,
மாலதி
ஈப்போ, ஜூலை 22