அட்டையில் இன்னும் இடம் இருக்கிறது

அன்புள்ள சுமதி அக்காவுக்கு,

வணக்கம். "அஞ்சு மாசம் ஆச்சு, உள்ள வரவே கூச்சமா இருக்கு" என்று மெசேஜ் அனுப்பியிருந்தீர்கள். அத்தைக்கு மூட்டு ஆபரேஷன், அது முடிந்ததும் தம்பிக்குப் பத்தாவது பரீட்சை. அந்த நாட்களில் ஜிம்முக்கு நேரம் ஏது? யாருக்கும் நீங்கள் கணக்குச் சொல்ல வேண்டாம். வாங்க.

உங்கள் பயிற்சி அட்டையை எடுத்து வைத்திருக்கிறேன். கடைசி வரி: ஸ்குவாட் 40 கிலோ, 8 தடவை, 3 செட். முதல் நாளே அந்த எண்ணுக்குப் போக வேண்டாம். தூக்கக்கூட முடிந்துவிடும், சிக்கலே அதுதான். பழக்கம் விட்ட தசைக்கு, எடையோடு கீழே இறங்கும்போதுதான் அதிக அடி. வலி உடனே தெரியாது; 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, மூன்றாம் நாள்வரை இருக்கும். மாடிப்படி இறங்கக் கைப்பிடியைப் பிடிக்கிற நிலை வந்தால் அடுத்த வகுப்பும் போய்விடும்.

அதனால் முதல் வாரம் திங்கள், வியாழன் மட்டும். வெறும் பார் 20 கிலோ, அது போதும். ஸ்குவாட் 8 தடவை, 2 செட். முடிக்கும்போது "இன்னும் நாலு எடுக்கலாம்" என்று தோன்ற வேண்டும். உட்கார்ந்து இழுக்கும் ரோவிங், சுவரில் கை ஊன்றிப் புஷ்அப், இரண்டும் அதே கணக்கு. ட்ரெட்மில் 10 நிமிடம், பேச்சு திணறாத வேகத்தில். மூச்சு முன்பைவிடச் சீக்கிரம் வாங்கும். இடைவெளியில் முதலில் குறைவது மூச்சுத் தாங்கும் திறன்தான், பயப்பட வேண்டாம்.

இரண்டாம் வாரம் அதே எடை, 3 செட். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் 2.5 கிலோ ஏற்றலாம். ஒருமுறை வளர்ந்த தசை பலத்தைச் சீக்கிரம் திரும்பப் பிடிக்கும், ஆனால் தசைநாண் அவ்வளவு வேகத்தில் தயாராகாது. கை தூக்குகிறதே என்று அவசரப்பட்டால் முழங்காலும் தோளும் பிடித்துக்கொள்வது அதனால்தான்.

தசை முழுக்க மந்தமாக வலித்தால் நடங்க, சரியாகும். மூட்டில் ஒரே இடத்தில் சுருக்கென்று குத்தினால் அந்தப் பயிற்சியை நிறுத்தி என்னிடம் சொல்லுங்கள். சிறுநீர் கோலா நிறத்தில் போனால் எனக்கு போன் போட்டுக் காத்திருக்காமல் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

ஒரு வேண்டுகோள்: இரண்டு வாரம் எடை மெஷினில் ஏறாதீர்கள். பயிற்சிக்குத் திரும்பிய தசை நீரைப் பிடித்து வைக்கும். முள் கொஞ்சம் கூடினால் அது கொழுப்பு இல்லை.

திங்கள் காலை 6.15. அந்த நேரம் கூட்டம் இருக்காது. வெறும் வயிற்றில் வராமல் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டு வாங்க. வருவதற்கு முன் ஷூவை வளைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் மூலையில் கிடந்தால் அடிப்பாகப் பசை விட்டிருக்கும்.

அன்புடன்,
கார்த்திக்