லாச்சியும் ஒழுங்கையும்

உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு மாதம் இருந்தபோது, ரியூசன் சேர் உயிரியலுக்கு ஒரு மாதிரி வினாத்தாள் வைத்தார். 50 பல்தேர்வு வினாக்கள், இரண்டு மணித்தியாலம். கஜனுக்கு 21, ரிஸ்வானுக்கும் 21.

"நீ ராவெல்லாம் பாடமாக்கி 21 எடுத்தாய். நான் ஒண்டும் பாடமாக்காம 21. அப்ப லாபம் யாருக்கு?" என்று கேட்டான் ரிஸ்வான். கெய்சர் வீதியில் துணிக்கடை வைத்திருப்பவரின் மகன், கணக்கை இப்படித்தான் பார்ப்பான்.

கஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்கு நிறப் பேனாக்களால் அடிக்கோடிட்டு, கோடு இல்லாத வரி ஒன்றுகூட மிஞ்சாதபடி அவன் அந்தப் புத்தகத்தைப் படித்திருந்தான். கண்ணுக்கு எல்லாம் தெரிந்த மாதிரித்தான் இருந்தது. புத்தகத்தை மூடினால்தான் ஒன்றும் இல்லை.

சேர்ந்து படித்துப் பார்த்தார்கள். வெள்ளவத்தையில் கஜன் தங்கியிருந்த வீட்டுக்கு ரிஸ்வான் 101 பஸ்ஸில் வருவான். ஒருவன் சத்தமாக வாசித்தால்தான் படிப்பான், மற்றவனுக்கு மின்விசிறிச் சத்தமே இடைஞ்சல். ஒரு கிழமைக்குள் இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாத நிலைக்கு வந்துவிட்டார்கள். நல்லவேளையாகப் பெருநாள் வியாபாரம் தொடங்கியது. "பின்னேரம் காசு மேசையில இருக்க ஆள் வேணும்" என்று வாப்பா சொல்லிவிட்டார்.

கடையில் புத்தகம் விரிக்க முடியாது. விரித்தால் வாப்பா ஒன்றும் சொல்ல மாட்டார், வாடிக்கையாளர்தான் "தம்பி, இதுல ரெண்டரை மீற்றர்" என்பார். அதனால் ரிஸ்வான் பழைய பில் புத்தகத்தைக் கிழித்து, ஒரு தாளின் பின்பக்கத்தில் ஒரு கேள்வி வீதம் எழுதினான். பதிலை எழுதவில்லை, பாடப்புத்தகத்தின் பக்க எண்ணை மட்டும் மூலையில் போட்டான். துணி வெட்டும்போது ஒரு சீட்டைப் பார்த்து மனதுக்குள் பதில் சொல்வான். தேநீர் குடிக்கப் போகும்போது சரிபார்ப்பான்.

காசு மேசைக்கு மூன்று லாச்சி. பிழைத்த சீட்டு மேல் லாச்சியில், சில்லறைக்குப் பக்கத்தில் கிடக்கும். ஒவ்வொரு நாளும் கையில் தட்டுப்படும். சரி வந்தது நடு லாச்சிக்குப் போகும், அதை மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறைதான் எடுப்பான். அங்கேயும் சரி வந்தால் அடி லாச்சி, கிழமைக்கு ஒரு தடவை. அடி லாச்சியில் இருந்து பிழைத்தால் இரக்கமே இல்லை, நேராக மேலே வரவேண்டும். கொஞ்சம் மறந்துபோன நேரத்தில் யோசித்து இழுத்தெடுத்த பதில் பிறகு போகாமல் நின்றது. அதை அவன் யாரிடமும் படிக்கவில்லை, மேசையில் இருந்தே கண்டுபிடித்தான்.

ஒருநாள் வாப்பா அவசரத்தில் மிச்சக் காசோடு சேர்த்து ஒரு சீட்டையும் ஒரு அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அடுத்த நாள் அந்த அம்மா திரும்பி வந்தா. "முக்கூர் வால்வு எங்கே உள்ளது எண்டு எழுதியிருக்கு. எங்கட கடைசி மகள் பதில் எழுதித் தந்திருக்கிறா" என்று நீட்டினா. வலது சோணையறைக்கும் வலது இதயவறைக்கும் இடையில் என்று அழகான கையெழுத்தில் இருந்தது. பதில் சரி. வாப்பா அந்த அம்மாவுக்கு அரை மீற்றர் லைனிங் துணி சும்மா கொடுத்தார்.

இதைக் கேட்டுக் கஜனும் சீட்டு எழுதத் தொடங்கினான். தலைப்புக்குச் சிவப்பு, கேள்விக்கு நீலம், சுற்றிலும் கட்டம். இரண்டு நாள் எழுதினான், ஒரு சீட்டையும் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதி முடித்த திருப்தியே அவனுக்குப் போதுமாக இருந்தது. அப்படியான ஆட்கள் உண்டு.

எரிச்சலில் ஒரு மாலை வெளியே நடக்கப் போனான். வீடு காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் நடுவில் ஓர் ஒழுங்கையில் இருந்தது. கடல் பக்கம் போய், தண்டவாளத்துக்கு அப்பால் இருந்து வந்த காற்றை மூக்கு நிறைய இழுத்துவிட்டுத் திரும்பும்போதுதான் பொறி தட்டியது. வீடுதான் இதயம். கடற்கரை, சுவாசப்பை.

அடுத்த நாள் ஒழுங்காகச் செய்தான். காலி வீதியில் இருந்து விறாந்தைக்கு வந்தான்: வலது சோணையறை. தன் அறைக்குள் நுழைந்தான்: வலது இதயவறை. அறையின் வெளிக்கதவால் இறங்கி ஓர் ஒழுங்கை வழியாகக் கடலுக்கு, அது சுவாசப்பை நாடி. காற்று வாங்கிவிட்டு மற்ற ஒழுங்கையால் திரும்பினான், அது சுவாசப்பை நாளம். குசினி இடது சோணையறை, சாப்பாட்டு அறை இடது இதயவறை. அங்கிருந்து முன்வாசலால் காலி வீதிக்கு, தொகுதிப் பெருநாடியாக. சந்தை வரை போய்த் திரும்பினான்.

"என்ன தம்பி, குசினிக்கு இத்தனை தரம் வாறீர்? பசிக்குதா?" என்று வீட்டுக்கார அன்ரி கேட்டா. "இல்லை அன்ரி, ஒட்சிசன் ஏறிய குருதி" என்றான். அன்ரி அன்றைக்கு அவனுக்கு ஒரு இடியப்பம் கூட வைத்தா.

ரிஸ்வான் வந்தபோது கஜன் அவனையும் நடத்திக் காட்டினான். பாதி வழியில் ரிஸ்வான் நின்றான். "இதில வால்வு எங்க? நீ நினைச்சா திரும்பி விறாந்தைக்கு வரலாமே."

கஜன் அறைக் கதவைக் காட்டினான். அது உள்பக்கமாக மட்டும் திறக்கும். அவன் உள்ளே போய்ச் சாத்தினான். "இப்ப விறாந்தையில இருந்து தள்ளினா திறக்கும். நான் உள்ள நிண்டு எவ்வளவு தள்ளினாலும் நிலையில முட்டி இன்னும் இறுகும்."

"சரி, அது முக்கூர் வால்வு. இதைச் சொல்லு: எந்த இதயவறைச் சுவர் தடிப்பு?"

"இடது."

"அது என்ட அடி லாச்சியிலயே ஈக்கி. ஏன் எண்டு சொல்லு பார்ப்பம்."

"கடலுக்குப் போய்வர மூச்சே வாங்காது. காலி வீதிப் பக்கம் சந்தை வரை போய்வந்தா கால் உளையும். முழு உடம்புக்கும் தள்ள வேண்டியது அந்தப் பக்கம்தான்."

ரிஸ்வான் பதில் சொல்லாமல் சட்டைப்பையில் இருந்து பில் தாள் ஒன்றை எடுத்து 'ஏன்?' என்று மட்டும் எழுதினான். அன்றிரவு அவனுடைய பாதிச் சீட்டுகள் மேல் லாச்சிக்கு ஏறின.

ஆனால் கஜனுடைய பாதையும் எல்லா இடத்துக்கும் போகவில்லை. தாவர ஓமோன்களுக்கு ஒழுங்கை கிடைக்கவில்லை. ஒட்சினையும் ஜிபரலினையும் சந்தையில் விட்டுப் பார்த்தான், எதிலீனை வாழைப்பழக் கடையில் நிறுத்தினான். வாழைப்பழம் மட்டும் நினைவில் நின்றது. ரிஸ்வானும் கடைக்கு முன்னால் நடந்து பார்த்தான். கெய்சர் வீதியில் பத்து அடி போவதற்குள் ஒரு நாட்டாமியின் கைவண்டி இடித்தது, முழுச் சுற்றோட்டமும் அங்கேயே நின்றுபோனது.

உயிரியல் இரண்டாம் பகுதி அன்று இரண்டு பேருக்கும் ஒரே மண்டபம். இதயத்தைப் பற்றிய அமைப்புக் கட்டுரை வினா வந்தது. இரண்டு வரிசை தள்ளி இருந்த ரிஸ்வான் எழுதிக்கொண்டே நிமிர்ந்தபோது, மேசைக்குக் கீழே கஜனின் கால்கள் மெதுவாக இடமும் வலமும் அசைவதைக் கண்டான். மேற்பார்வையாளர் கஜனுக்குப் பக்கத்தில் வந்து, "தம்பி, வெளியில போகவேணுமா?" என்று கேட்டார்.

வெளியே வந்ததும் விடைகளைப் பற்றிப் பேசுவதில்லை என்று முன்பே சத்தியம் செய்திருந்தார்கள். கேற்றைத் தாண்டியதும் பேசினார்கள். ஓமோனில் கஜனுக்கு ஒன்று போயிருந்தது. சுவாசத்தில் ரிஸ்வானுக்கு இரண்டு.

"அடுத்தது இரசாயனம்" என்றான் ரிஸ்வான். "அதுக்கு எந்த ஒழுங்கை?"

"[CuCl₄]²⁻ மஞ்சள், [CoCl₄]²⁻ நீலம், [Cu(NH₃)₄]²⁺ கடும் நீலம். இதுக்கெல்லாம் நடந்தா நான் காலி வரைக்கும்தான் போகவேணும்." கஜன் கையை நீட்டினான். "உன்ர மேல் லாச்சியைத் தா."

"சீட்டுத் தாறன். நிறப் பேனா எல்லாத்தையும் என்னட்ட தந்திட்டுப் போ."