முடிவெடுக்கும் திறன் மதிப்பீடு: இடுப்பு அறுவை சிகிச்சை, படுக்கை 14

செவ்வாய் மாலை 5.40. எழுதுவது பணி மருத்துவர். பேசும்போது மாலை ஷிஃப்ட் நர்ஸ் கூடவே இருந்தார்.

83 வயது அம்மா. திங்கள் இரவு 10 மணி வாக்கில் குளியலறையில் விழுந்து, இடது தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்து, விலகியும் இருக்கிறது. புதன் காலை முதல் கேஸாக அரை மூட்டு மாற்று செய்யலாம் என்று எலும்பு மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கு அம்மாவால் இப்போது தானே சம்மதமோ மறுப்போ சொல்ல முடியுமா என்பது மட்டும்தான் இந்தக் குறிப்பின் கேள்வி. "குழப்பமாக இருக்கிறார், திறன் இல்லை, மகன் கையெழுத்துப் போடுவார்" என்று இரவு எழுதிய ஒரு வரி கேஸ் ஷீட்டில் இருக்கிறது. எந்த முடிவுக்குத் திறன் இல்லை, எதை வைத்துச் சொன்னார்கள் என்று எதுவும் இல்லாததால் அதைக் கணக்கில் எடுக்காமல் முதலிலிருந்து பார்க்கிறேன்.

சந்தேகம் எதனால் வந்தது: வயதால் இல்லை, மறதி உண்டு என்பதாலும் இல்லை. இரவு முழுக்க இறந்துபோன கணவரைக் கூப்பிட்டிருக்கிறார், சலைன் ஊசியைப் பிடுங்கியிருக்கிறார், காலையில் தூங்கி வழிந்திருக்கிறார். ஒரு வருடமாகப் பெயர்கள் மறக்கின்றன, ஆனால் போன வாரம் வரை வீட்டுக் கணக்கு வழக்கைத் தானே பார்த்தவர் என்கிறார் இளைய மகள். அப்படியென்றால் இது திடீர் மாற்றம். 4ஏடி மதிப்பெண் 7: விழிப்புக்கு 0 (கூப்பிட்டதும் சட்டென்று விழிக்கிறார்), இடமும் வருடமும் தவறு என்பதால் 2, மாதங்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னால் மூன்றோடு நின்றுவிடுகிறார் என்பதால் 1, திடீர் மாற்றமும் ஏற்ற இறக்கமும் இருப்பதால் 4. நான்கு வந்தாலே டெலிரியத்தைச் சந்தேகிக்க வேண்டும். எனவே மூளையின் செயல்பாட்டில் ஒரு கோளாறு இருக்கிறது என்பது சரி. ஆனால் டெலிரியம் என்ற பெயர் மட்டும் திறனில்லை என்பதற்குச் சான்றாகாது, மேற்கொண்டு பார்க்கத்தான் வேண்டும்.

காலை 8.30க்கு ஒருமுறை பேசிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டேன். அந்த நேரத்தில் காது கேட்கும் கருவி வீட்டில் இருந்தது, மார்ஃபின் போட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது, ஸ்கேனில் சிறுநீர்ப்பையில் 650 மி.லி. தேங்கியிருந்தது. அந்த நிலையில் யாரைக் கேட்டாலும் பதில் சரியாக வராது. பகலில் கதீட்டர் போட்டோம், தொடையில் நரம்பு மரப்பு ஊசி போட்டதால் மார்ஃபின் தேவைப்படவில்லை, மகள் கருவியைக் கொண்டு வந்தார், கண்ணாடியும் மாட்டியாயிற்று. சோடியம் 129, அதைச் சரிசெய்வதும் தொடங்கியாயிற்று. மாலையில்தான் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார் என்று நர்ஸ் சொன்னதால் 4.45க்கு மறுபடி உட்கார்ந்தேன். திரையை இழுத்துவிட்டு, மகனை வெளியே இருக்கச் சொன்னேன் (அம்மாவுக்குப் பதில் அவரே பதில் சொல்லிவிடுகிறார், அக்கறையில்தான்).

நான் சொன்னது சின்னச் சின்ன வாக்கியங்களில்: இடுப்பெலும்பு உடைந்திருக்கிறது. ஆபரேஷன் செய்தால் வலி குறையும், எழுந்து நிற்க வாய்ப்பு உண்டு. கிருமித்தொற்று, ரத்தக்கட்டி, குழப்பம் கூடுவது, உயிருக்கே ஆபத்து, இவையும் வரலாம். செய்யாவிட்டால் வலியோடு படுக்கையில் இருக்க வேண்டியிருக்கும், படுக்கைப் புண், நிமோனியா வரலாம். முடிந்ததும் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் என்ன சொன்னேன் அம்மா?"
"எலும்பு உடைஞ்சிருக்கு, ஆபரேஷன் பண்ணணும்னு சொன்னீங்க."
"பண்ணாவிட்டால்?"
"படுத்தே கிடக்கணும்."
"உங்களுக்குப் பண்ணிக்கொள்ள விருப்பமா?"
"எனக்கு எதுக்கு? உடைஞ்சது பக்கத்துக் கட்டில் அம்மாவுக்கு. நான் காலையில நடந்துதானே வந்தேன்."

எக்ஸ்ரேயைக் காட்டினேன். "பாவம், அவளுக்கு நல்லா உடைஞ்சிருக்கு" என்றார். தன் இடது காலை அசைத்துப் பார்க்கச் சொன்னேன், முகம் சுளித்தார், "அது பழைய வாதம்" என்றார். பதினைந்து நிமிடம் கழித்து வேறு வார்த்தைகளில் கேட்டேன், நர்ஸும் தனியாகக் கேட்டார், அதே பதில்தான்.

புரிதல்: சொன்ன செய்தியின் சாரம் புரிகிறது, திருப்பிச் சொல்கிறார். இதில் குறை சொல்ல மாட்டேன்.

நினைவில் வைத்தல்: பதினைந்து நிமிடம் கழித்தும் "ஆபரேஷன், படுத்தே கிடக்கிறது" இரண்டும் நினைவில் இருந்தன. நாளைக்கு மறந்துபோகலாம், ஆனால் முடிவெடுக்கத் தேவையான நேரம் வரை நின்றால் போதும். இதுவும் தேறுகிறது.

சீர்தூக்கிப் பார்த்தல்: இங்கேதான் தேறவில்லை. முறிவு தனக்கு என்பதை ஏற்க முடியாததால், கையில் உள்ள தகவலைத் தன் விஷயத்துக்குப் பயன்படுத்த வழியே இல்லை. அவர் மறுத்ததால் நான் இந்த முடிவுக்கு வரவில்லை. "எனக்கு எலும்பு உடைஞ்சது தெரியும், இந்த வயசுல கத்தி வேண்டாம், வலியைக் குறைச்சா போதும்" என்று சொல்லியிருந்தால், எங்களுக்குப் பிடிக்காத முடிவாக இருந்தாலும் அது அவருடைய முடிவு, திறன் உண்டு என்றே எழுதியிருப்பேன். அதேபோல "சரி, பண்ணுங்க" என்று தலையாட்டியிருந்தாலும் பக்கத்துக் கட்டிலுக்குத்தான் என்ற நினைப்போடு சொல்லியிருந்தால் அந்தச் சம்மதமும் செல்லாது.

தெரிவித்தல்: தெளிவாகப் பேசுகிறார். தடையில்லை.

காரணத் தொடர்பு: போன வாரம் வரை இல்லாத இந்த நம்பிக்கை, கவனச்சிதறலோடும் ஏற்ற இறக்கத்தோடும் சேர்ந்து வந்திருக்கிறது. பயத்தால் உண்மையை ஒதுக்குகிறாரா என்றும் யோசித்தேன். ஆபரேஷன் பற்றிப் பேசும்போது பயமோ பதற்றமோ இல்லை, பக்கத்துக் கட்டில்காரருக்காக இரக்கப்படுகிறார். டெலிரியத்தால்தான் சீர்தூக்க முடியவில்லை என்பது என் கணிப்பு.

முடிவு: இந்த அறுவை சிகிச்சை பற்றி, செவ்வாய் மாலை 4.45 நிலவரப்படி, திறன் இல்லை. டெலிரியம் தெளிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். தள்ளிப்போட்டால் வலியும் படுக்கையும் குழப்பத்தைக் கூட்டும். அதனால் நாள்கணக்கில் காத்திருப்பது சரியில்லை, காலை வரை காத்திருக்கலாம்.

இன்னொன்று, இது தனிக் கேள்வி: தன்னைப் பற்றிய செய்தியை யாரிடம் சொல்லலாம், யார் கூட இருக்க வேண்டும் என்று கேட்டதற்கு இரண்டு முறையும் "சின்னவ இருக்கட்டும், பெரியவன் பதறுவான்" என்றார். காரணம் சொல்கிறார், மாறவில்லை, வீட்டு நிலவரத்தோடும் பொருந்துகிறது. இந்த முடிவுக்குத் திறன் உண்டு. எனவே விவரம் இளைய மகளிடம்தான் முதலில் போக வேண்டும். மகனிடம் இதைப் பக்குவமாகச் சொல்லியிருக்கிறேன், முகம் வாடியது, ஆனால் ஏற்றுக்கொண்டார்.

முன்கூட்டியே எழுதிவைத்த விருப்ப ஆவணமோ எழுத்தில் நியமிக்கப்பட்டவரோ இல்லை என்று இருவரும் தனித்தனியாகச் சொன்னார்கள். முன்பு கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தானே கேட்டுப் போனவர், "படுக்கையில் கிடந்து யாருக்கும் பாரமாகக் கூடாது" என்று மகளிடம் பலமுறை சொன்னவர். எலும்பு மருத்துவர், மயக்க மருத்துவர், நர்ஸ், பிள்ளைகள் இருவர் எல்லோரும் பேசியதில், வலியைக் குறைக்கவும் நடக்கும் வாய்ப்பைக் காக்கவும் ஆபரேஷன்தான் அவர் நலனுக்கு உகந்தது, அவர் முன்பு சொன்னதோடும் ஒத்துப்போகிறது என்று முடிவானது. மகளை "அம்மாவுக்குப் பதில் சம்மதிக்கிறேன்" என்று எழுத வைக்கவில்லை, கலந்து பேசியதாக மட்டுமே குறித்திருக்கிறேன்.

புதன் காலை 7 மணிக்கு, தியேட்டருக்கு அனுப்பும் முன், கருவியையும் கண்ணாடியையும் மாட்டி மறுபடி கேட்க வேண்டும். தெளிந்திருந்தால் மேலே உள்ள முடிவு செல்லாது, அவர் சொல்வதே செல்லும். போகும் வழியில் அவர் எதிர்த்தால் பிடித்து அழுத்த வேண்டாம், தூக்க மருந்தும் போட வேண்டாம், நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடவும். காது கருவி மயக்க அறை வரை கூடவே போகட்டும், விழித்ததும் திரும்ப மாட்டிவிடவும்.