வீட்டுப் பலகாரத் தொழிலுக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் கோரி விண்ணப்பம்

அனுப்புநர்: கு. செல்வி, தண்டையார்பேட்டை, சென்னை-81.
பெறுநர்: நியமன அலுவலர், உணவுப் பாதுகாப்புத் துறை, சென்னை.

ஐயா/அம்மா,

FoSCoS தளத்தில் நான் பதிந்த விண்ணப்பத்துக்கான விவரங்கள் இவை.

வாடகை வீட்டின் தரைத்தளத்தில் 10×12 அடி அறை முழுவதும் பலகாரத்துக்கே; வீட்டுச் சமையல் வேறு அறையில். கழுவும் தொட்டி, ஜன்னல் வலை, மூடியுள்ள குப்பைத்தொட்டி ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துள்ளேன். முதலில் தந்த வரைபடத்தில் தொட்டியும் வடிகாலும் விடுபட்டதால் திருப்பி அனுப்பப்பட்டது, இப்போது திருத்தியுள்ளேன். குடிநீர் வாரியத் தண்ணீரை வடிகட்டிப் பயன்படுத்துகிறோம்.

தயாரிப்பு: கை முறுக்கு, ரிப்பன் பக்கோடா. நாளொன்றுக்கு 15 கிலோ. முறுக்கில் அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், எள், உப்பு. வெண்ணெய் இருப்பதால் 'பால் உள்ளது' என்று லேபிளில் அச்சிடுகிறோம். பொரித்ததைச் சூடாகப் பாக்கெட்டில் அடைத்தால் உள்ளே நீர் கோத்து நமுத்துவிடும். நன்கு ஆறிய பிறகே சீல் வைக்கிறோம். மிஞ்சிய எண்ணெயில் புதிய எண்ணெய் கலப்பதில்லை. தொகுதி எண், தயாரித்த தேதி, பச்சைக் குறி ஒவ்வொரு பாக்கெட்டிலும் உண்டு.

இணைப்பு: வரைபடம், வீட்டு உரிமையாளர் சம்மதக் கடிதம், தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை, வேலை செய்யும் இருவரின் மருத்துவச் சான்று.

ஆய்வுக்குக் காலை 7 மணிக்கு வந்தால் அடுப்பு எரியும்போதே பார்க்கலாம். உரிமம் வழங்குமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கு. செல்வி