பாவூர்சத்திரம்–புனலூர் லோடுக்குப் புது பிக்கப்: லீஸா, சொந்தமா? 5 வருடக் கணக்கு

அத்தான், நீங்கள் கேட்டபடி இரண்டு கொட்டேஷனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கணக்குப் போட்டுவிட்டேன். அக்காவும் படிக்கட்டும், ஏனென்றால் இதில் அவள் நகையும் வருகிறது.

முதலில் ஓட்டம். மார்க்கெட்டில் காய்கறி ஏற்றி, செங்கோட்டை, புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் போய்த் திரும்பினால் 140 கிலோமீட்டர் என்று உங்கள் நோட்டில் இருக்கிறது. மாதம் 26 நாள் என்றால் வருடத்துக்கு 43,680, ஐந்து வருடத்தில் 2,18,400. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், லீஸ் கணக்கு இதில்தான் போய் இடிக்கிறது. டீசல், டிரைவர் சம்பளம், படி எல்லாம் எந்த வழியில் போனாலும் ஒன்றுதான், அதனால் சேர்க்கவில்லை. இரண்டு பக்கமும் ஒரே வண்டி, மொத்த எடை 3,000 கிலோவுக்குள், ஆகவே பெர்மிட் செலவும் கிடையாது.

சொந்தமாக வாங்கினால்: ஷோரூம் விலை ஜிஎஸ்டியோடு 9,20,000 (2025 செப்டம்பரில் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது நமக்கு நல்லதாகப் போயிற்று), பதிவு, சாலை வரி, முதல் வருட இன்சூரன்ஸ், தார்ப்பாய்க் கூடு எல்லாம் 90,000, ஆக 10,10,000. கடன் 8 லட்சம், வட்டி 10.5 சதவீதம், 60 தவணை, மாதம் 17,195. கையிலிருந்து முன்பணம் 2,10,000, பேப்பர் செலவு 8,000.

அந்த 2,18,000 எங்கிருந்து வரும் என்று நமக்குத் தெரியும். சரக்குப் பணத்தில் கை வைக்க முடியாது, விவசாயிக்கு அன்றைக்கே கொடுக்க வேண்டும், புனலூர் கடைக்காரர் சனிக்கிழமைதான் தருவார். அதனால் நகையை வங்கியில் வைப்பதாகவே எடுத்துக்கொண்டு, 9 சதவீத வட்டியை ஐந்து வருடமும் போட்டிருக்கிறேன். முன்னாலேயே மீட்டுவிட்டால் அந்த அளவுக்கு லாபம், அக்கா முகமும் தெளியும்.

லீஸ் எடுத்தால்: மாத வாடகை 22,500, ஆனால் அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 26,550. லீஸ் கம்பெனித் தம்பி உங்களிடம் 22,500 என்று மட்டும் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? காய்கறிக்கு ஜிஎஸ்டி இல்லை, அதனால் கட்டிய வரியைத் திரும்ப எடுக்கவும் நமக்கு வழியில்லை, அது முழுக்கச் செலவுதான். டெபாசிட் மூன்று மாத வாடகை, 67,500, கடைசியில் வட்டியில்லாமல் திரும்பும். இன்சூரன்ஸ், சர்வீஸ், எஃப்சி அவர்கள் பொறுப்பு.

இனி சின்ன எழுத்தில் இருப்பது. வருடத்துக்கு 36,000 கிலோமீட்டர் வரைதான், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 3.50, வரியோடு 4.13. நமக்கு வருடம் 7,680 கிலோமீட்டர் தாண்டும், அதாவது 31,718 ரூபாய். டயர் ஐந்து வருடத்தில் இரண்டு செட்தான் தருவார்கள், நமக்கு நாலு செட் வேண்டும். கிளட்ச் பிளேட்டும் பிரேக் லைனிங்கும் ‘ஓட்டுநர் பயன்பாட்டுத் தேய்மானம்’, அதாவது நம் தலையில். புளியரை எஸ் வளைவில் லோடோடு ஒரு தடவை ஏறியவனுக்கு இந்த வரியின் அர்த்தம் புரியும். போன ஓணத்துக்கு உங்களோடு வந்தேனே, கோட்டைவாசல் தாண்டி இறங்கும்போது கருகின வாடை வந்து, வண்டியை ஓரம் கட்டி, தடியங்காய் மூட்டை மேல் உட்கார்ந்து முக்கால் மணி நேரம் பிரேக் ஆறும்வரை காத்திருந்தோமே, அந்த வாடைக்கான பில் அது. திருப்பிக் கொடுக்கும்போது தொட்டியில் கீறல், நெளிசல் பார்த்துப் பிடிப்பார்கள். தினமும் பிளாஸ்டிக் பெட்டியை இழுத்துப் போடுகிற வண்டியில் கீறல் இல்லாமல் எப்படி இருக்கும், 40,000 போட்டிருக்கிறேன், அது என் ஊகம்.

| ஐந்து வருடச் செலவு (ரூ.) | சொந்தம் | லீஸ் |
|---|---|---|
| முன்பணம், பேப்பர் | 2,18,000 | – |
| தவணை / வாடகை (60 மாதம்) | 10,31,700 | 15,93,000 |
| நகை வட்டி / டெபாசிட் முடங்கும் வட்டி | 98,100 | 30,375 |
| இன்சூரன்ஸ் (2 முதல் 5ஆம் வருடம்) | 1,30,000 | – |
| சர்வீஸ், பிரேக், கிளட்ச் | 2,50,000 | 60,000 |
| டயர் | 1,04,000 | 52,000 |
| எஃப்சி, புகைச் சான்று | 20,000 | – |
| கூடுதல் கிலோமீட்டர் | – | 1,58,592 |
| திருப்பும்போது பிடித்தம் | – | 40,000 |
| வண்டி விற்று வருவது கழிக்க | 3,75,000 | – |
| நிகரச் செலவு | 14,76,800 | 19,33,967 |

வித்தியாசம் 4,57,167.

எஃப்சி புது வண்டிக்கு இரண்டு வருடம் கழித்துத்தான், பிறகும் எட்டு வருடம் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதனால் இந்தக் காலத்தில் இரண்டு தடவை. இன்சூரன்ஸில் மூன்றாம் நபர் பகுதி மட்டுமே வருடத்துக்கு 16,049, மிச்சம் வண்டிக்கு. சர்வீஸ் முதல் வருடம் 25,000 என்று ஆரம்பித்து ஐந்தாம் வருடம் 70,000 வரை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறேன், மலை ரோடு என்பதால் மெக்கானிக் சொன்னதை விடக் கொஞ்சம் கூடவே.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும், மாதக் கணக்காகப் பார்த்தால் இந்த வித்தியாசம் அவ்வளவாகக் கண்ணில் படாது. சொந்த வண்டிக்குத் தவணை, நகை வட்டி, அப்புறம் சர்வீஸ், டயர், இன்சூரன்ஸ், எஃப்சி எல்லாவற்றையும் 60ஆல் வகுத்தால் மாதம் 27,230. லீஸுக்கு வாடகையும் கூடுதல் ஓட்டமும் மட்டும் 29,193. கடைசியில் வண்டி நம் கையில் நிற்கிறது என்பதும், டயர், கிளட்ச், கீறல் என்று லீஸிலும் கை கடிக்கிறது என்பதும்தான் மிச்சத்தைக் கொண்டுவருகிறது. 2 லட்சம் கிலோமீட்டர் ஓடின வண்டிக்கு 3,75,000 யார் தருவார் என்று நீங்கள் கேட்பீர்கள். சரி, 2 லட்சத்துக்கே போகட்டும், அப்போதும் சொந்தம் 16,51,800, லீஸை விட 2,82,167 குறைவு.

வாடகை முழுவதையும் வருமான வரியில் கழிக்கலாம் என்று அந்தத் தம்பி சொன்னதும் நமக்கு உதவாது. நீங்கள் விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று மொத்தமாகக் காட்டுகிற முறையில் கணக்குக் கொடுக்கிறீர்கள், அதில் வாடகையையும் தனியாகக் கழிக்க முடியாது, தேய்மானத்தையும் கழிக்க முடியாது.

ஓணத்துப் பத்து நாள் இரண்டு நடை அடிப்பீர்களே, அது மேலே இருக்கிற கணக்கில் இல்லை. லீஸில் அது மட்டும் வருடம் இன்னொரு 5,782. ஆர்சியும் அவர்கள் பெயரில்தான் இருக்கும், நடுராத்திரியில் பார்டரில் யாராவது நிறுத்தினால் அனுமதிக் கடிதத்தை டாஷ்போர்டில் தேடிக்கொண்டிருக்க வேண்டும். (ஓவர்லோடு ஏற்றினால் ஒப்பந்தமே ரத்து என்று ஒரு வரி இருக்கிறது, அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.)

லீஸ் எடுக்கலாம் என்று நான் சொல்லும் ஒரே நிலைமை, புனலூர் வியாபாரம் மூன்று வருடத்துக்கு மேல் நிற்குமா என்று உங்களுக்கே சந்தேகம் இருந்தால். 36 மாதத்துக்குப் பிறகு ஆறு மாத வாடகை கட்டி வண்டியை விட்டுவிடலாம். பதினோரு வருடமாக அதே கடைகளுக்குப் போடுகிறீர்கள், அந்தச் சந்தேகம் உங்களுக்கு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

அதனால் வாங்குங்கள். தவணைத் தேதியை 10க்கு மேல் வைக்கச் சொல்லுங்கள், மாதா மாதம் 8,400 ரூபாயைச் சர்வீஸ், டயர், இன்சூரன்ஸுக்கு என்று அக்கா கணக்கில் போட்டுவிடுங்கள், உங்கள் சட்டைப்பையில் இருந்தால் அது சின்ன வெங்காயமாக மாறிவிடும். கொட்டேஷன் இந்த மாதக் கடைசி வரைதான் செல்லும், வியாழக்கிழமை நான் தென்காசி வருகிறேன், ஷோரூமுக்குச் சேர்ந்தே போகலாம்.