பாப்பா நிச்சயதார்த்தம்: செலவுக் கணக்கு

அண்ணா, அண்ணி இருவருக்கும்,

ஐப்பசி கடைசி ஞாயிறு காலை, குன்னூரில் நம் வீட்டுக்குக் கீழே இருக்கும் சமுதாயக் கூடம். மாப்பிள்ளை வீட்டார் கோயம்புத்தூரிலிருந்து 40 பேர், நம் பக்கம் 50 பேர். நீங்கள் சொன்ன தொகை 1,10,000 ரூபாய். மோதிரம், புடவை, தட்டு வரிசை எல்லாம் தனி. அவற்றை இதில் சேர்க்கவில்லை. நான் பிரித்திருப்பது இப்படி:

மண்டபம்: 20,000
சாப்பாடு: 50,000
அலங்காரம்: 22,000
கையிருப்பு: 18,000

மண்டபத்தில் பேச அதிகம் இல்லை. அரை நாள் வாடகை 15,000, கரண்டும் துப்புரவும் 3,000, ஜெனரேட்டர் டீசலுக்கு 2,000. முன்வைப்பு 5,000 கேட்கிறார்கள். கூடத்தைச் சேதமில்லாமல் ஒப்படைத்தால் திரும்பி வரும் பணம் என்பதால் கணக்கில் ஏற்றவில்லை, ஆனால் அன்றைக்குக் கையில் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்கு இரண்டு பேரிடம் விலை கேட்டேன். மேட்டுப்பாளையம் சமையல்காரர் இலைக்கு 360 சொன்னார், இங்கே உள்ளவர் 420. முதலில் பார்த்தால் கீழே உள்ளவர்தான் மலிவு. ஆனால் பாத்திரத்தோடு வண்டி ஏற 5,000, முதல் நாள் இரவு ஆட்கள் தங்க 2,500 என்று அவர் தனியாகப் போடுகிறார். நூறு இலைக்கு அவர் கணக்கு 43,500, இவர் கணக்கு 42,000. மழையில் மலைப்பாதையில் மரம் விழுந்தால் அவர் வண்டி எங்கே நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த உயரத்தில் சாதம் வேக எடுக்கும் நேரமும் உள்ளூர் ஆளுக்குத்தான் கைப்பழக்கம். அதனால் இவருக்கே கொடுத்துவிடலாம். 90 பேருக்கு 100 இலை சொல்லியிருக்கிறேன்.

மீதி 8,000-ல், மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கியதும் காபி, கேசரி, பஜ்ஜிக்கு 5,000 (அந்தக் குளிரில் வண்டியை விட்டு இறங்குபவர்களுக்கு இதுதான் முதல் மரியாதை). எவர்சில்வர் டம்ளர், தண்ணீர் டிரம் வாடகை 1,500. பிளாஸ்டிக் பாட்டிலும் பேப்பர் கப்பும் இங்கே தடை, பிடித்தால் அபராதம். சின்ன மாமா வழக்கம்போல் ஒரு பெட்டி பாட்டில் தூக்கிக்கொண்டு வருவார், அவரிடம் அண்ணி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பரிமாறுகிறவர்களுக்கு இனாம் 1,500.

அலங்காரத்தில்தான் பாப்பாவுக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். அவள் காட்டிய படத்துக்கு மட்டும் 28,000 கேட்டார்கள், ஆர்க்கிட் எல்லாம் வைத்து. மேடைக்குப் பின்னால் துணித் திரை, கோத்தகிரிப் பக்கம் வளர்க்கிற கார்னேஷன், நடுவில் குத்துவிளக்கு என்று வைத்தால் 12,000-ல் முடிகிறது. அவளும் சரி என்றாள், முகம் மட்டும் கொஞ்சம் சுருங்கியது. மாலை இரண்டுக்கு 3,000, மல்லியும் செவ்வந்தியும் கீழிருந்து வர 3,000, தாம்பூலப் பை நூறு, ஒன்று 40 வீதம் 4,000.

கையிருப்பைப் பற்றித்தான் நீங்கள் கேட்பீர்கள்: "18,000 சும்மா எதற்குடா?" ஐப்பசியில் மலையில் விசேஷம் வைக்கிறோம் அண்ணா. வாசலில் மழை பிடித்தால் தார்ப்பாய்ப் பந்தல் போட 6,000. சொல்லாமல் வருபவர்களுக்குக் கூடுதல் இலை 15 என்றால் 6,300. பாதை அடைபட்டு மாப்பிள்ளை பக்கத்துப் பெரியவர்கள் இரவு தங்க நேர்ந்தால் இரண்டு அறைக்கு 4,000. மூன்றும் ஒரே நாளில் வந்தாலும் 16,300-தான், சமாளித்துவிடலாம். 10,000 போதும் என்று வைத்தால் பந்தல் போட்டதும் மீதி 4,000; கூடுதல் இலைக்கே பற்றாது.

ஒன்று மட்டும் வேண்டிக் கேட்கிறேன்: இந்தப் பணம் அண்ணியிடமே இருக்கட்டும். முந்தின நாள் யாராவது வந்து "இன்னும் ரெண்டு பூச்சரம் தொங்கவிட்டா நல்லா இருக்குமே" என்பார்கள், கை அதில்தான் போகும். எங்காவது குறைத்தே ஆக வேண்டுமென்றால் தாம்பூலப் பையில் குறைப்போம், இலையில் வேண்டாம்.

அப்புறம், வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும் என்று சம்பந்தி வீட்டில் நீங்களே பேசிவிடுங்கள். நான் சொன்னால் சரியாக இருக்காது.

வியாழனுக்குள் மண்டபத்துக்கு முன்பணம் 5,000 கட்ட வேண்டும், இதை வாடகையில் கழித்துக்கொள்வார்கள். அதற்கு அடுத்த ஞாயிறு சமையல்காரருக்கு 15,000. கணக்கில் எதை மாற்றுவதானாலும் புதன் இரவுக்குள் ஒரு போன் போடுங்கள்.

தம்பி ரவி